முகம் மாற்றும் ஷொட்கள்: டிரெக்டர் அண்ணைக்கு எடிற்றரின் கேள்வி பதில்

தம்பி, எங்கட படத்தில நடிச்சுப்போட்டு இடையில கனடாவுக்குப் போனவன்ர முகத்தை எடுத்துப்போட்டுப் புதுப் பெடியன்ர முகத்தை வைக்கேலுமோ, ஏலாதோ? ஒரு சொல்லில சொல்லும்.

சில ஷொட்டில் ஏலும், பல ஷொட்டில் ஏலாது அண்ணை. நீங்களும் கமராமனும் தயாரிப்பாளரும் மாறி மாறிக் கேட்பது பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள்தான். எல்லாருக்கும் ஒரே பதில் போய்ச் சேரட்டும் என்று, கேட்டவர்களின் வாக்கிலேயே கேள்விகளை வைத்து இதை எழுதுகிறேன்.

முதலில் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். பழையவர் நடித்த ஷொட் அப்படியே இருக்கும். மென்பொருள் இரண்டு பேரின் முகங்களையும் ஆயிரக்கணக்கான படங்களில் பார்த்துப் பழகும். பிறகு பழையவரின் ஒவ்வொரு பிரேமுக்கும் அதே கோணத்தில், அதே வெளிச்சத்தில், அதே முகபாவத்தில் புதியவரின் முகத்தை உருவாக்கித் தரும். அதை ஷொட்டின்மேல் வைத்து ஓரம் தெரியாமல் கலப்பது எங்கள் வேலை. எங்கே உடையும் என்பதெல்லாம் இந்த வழியிலிருந்தே வருகிறது.

முகம் எண்டா எவ்வளவு? தலைமயிர், காது, கழுத்து எல்லாம் சேர்த்தோ?

இல்லை. புருவத்துக்குச் சற்று மேலிருந்து நாடி வரை, இரண்டு கன்னங்களின் வெளி ஓரத்துக்குச் சற்று உள்ளே. அவ்வளவுதான் மாறும். தலைமயிர், நெற்றியின் மேற்பகுதி, காது, கழுத்து, தோள், நடை எல்லாம் பழையவருடையவை.

ஒரு ஆளை நாங்கள் கண்ணையும் மூக்கையும் மட்டும் பார்த்து அடையாளம் காண்பதில்லை. தலை அகலம், தாடை எலும்பு, காது ஒட்டியிருக்கிற விதம் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் மனம் 'இவர்தான்' என்கிறது. பழைய தலைக்குள் புதிய கண், மூக்கு, வாய் வந்து இருந்தால் திரையில் தெரிவது இரண்டு பேரும் அல்ல, இரண்டு பேருக்கும் ஒன்றுவிட்ட சகோதரன் மாதிரி ஒருவர். அந்த ஷொட் மட்டும் தனியாக ஓடினால் ஒருவரும் குறை சொல்லமாட்டார்கள். அடுத்த ஷொட்டில் புதியவரையே நேரடியாக எடுத்து வைத்தால் ஆள் மாறினது தெரிந்துவிடும்.

அப்ப புதுப் பெடியனை எதைப் பாத்துத் தெரிவுசெய்யிறது?

மூக்கையும் கண்ணையும் பார்க்கவேண்டாம், அவை எப்படியும் மாறப்போகின்றன. மாறாததைப் பாருங்கள்: தலையின் அகலம், தாடையின் வடிவம், கழுத்தின் பருமன், தோள், உயரம், தோல் நிறம். இரண்டு பேரையும் ஒரே லென்ஸில், ஒரே தூரத்தில், நேராகவும் பக்கவாட்டிலும் படம் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும்.

புதியவரின் தாடை பழையவருடையதைவிட ஒடுக்கமாக இருந்தால் பெரிய கரைச்சல். தாடையை உள்ளே தள்ளினால், அதற்குப் பின்னால் இதுவரை மறைந்திருந்த கழுத்தும் சட்டைக் கொலரும் சுவரும் தெரியவேண்டும். அவை எங்களிடம் படமாக இல்லை, பிரேம் பிரேமாக வரையவேண்டும். தாடை சற்று அகலமாக இருந்தால் அவ்வளவு துன்பமில்லை, பின்னால் இருப்பதை மூடினால் சரி. நீங்கள் அனுப்பிய மூன்று பேரில் வவுனியாப் பெடியன்தான் எனக்குப் பொருத்தமாகத் தெரிகிறது. அவருடைய நடிப்பை நான் பார்க்கவில்லை, தலையைப் பார்த்துச் சொல்கிறேன்.

நடிப்பு ஆற்ற நடிப்பு? புதுப் பெடியன் திறமான நடிகன், அவன்ர நடிப்பு வரும்தானே?

வராது அண்ணை. இதைத்தான் எல்லாரும் பிழையாக விளங்கி வைத்திருக்கிறார்கள். கண் எப்போது இமைக்கிறது, வாய் எப்போது திறக்கிறது, புருவம் எவ்வளவு உயர்கிறது என்பதெல்லாம் பழையவர் செட்டில் செய்தபடியே இருக்கும். மென்பொருள் அந்த அசைவுகளைப் புதியவரின் தோலிலும் மூக்கிலும் காட்டுகிறது, அதற்குமேல் ஒன்றுமில்லை. அழுகைக் காட்சியில் பழையவர் சரியாகச் செய்யவில்லை என்று அண்டைக்கே நீங்கள் குறைப்பட்டீர்கள். முகத்தை மாற்றினாலும் அதே அழுகைதான் இருக்கும். இன்னும் கொஞ்சம் மழுங்கியும் போகும், ஏனென்றால் உதட்டோர நடுக்கம், கண்ணுக்குக் கீழே தோல் சுருங்குவது போன்ற சின்ன அசைவுகளை மென்பொருள் சராசரியாக்கி விடுகிறது.

ஆகவே நடிப்புக்காக மாற்ற விரும்பும் காட்சிகளை இந்தப் பட்டியலில் சேர்க்கவேண்டாம். அவற்றைத் திரும்ப எடுக்கவேண்டியதுதான்.

குளோசப்பெண்டா முகம் பெரிசாத் தெரியும், வேலை லேசு எண்டெல்லோ நினைச்சன். நீர் ஏன் பயப்பிடுறீர்?

குளோசப்தான் இருப்பதிலேயே கடினம். நாங்கள் 3840க்கு 2160 பிக்சலில் எடுத்திருக்கிறோம். அம்மாவோடு கதைக்கிற குளோசப்பில் முகம் நாடியிலிருந்து மயிரோரம் வரை ஏறத்தாழ 1300 பிக்சல் உயரம். எங்களிடம் இருக்கிற கணினியில் மென்பொருளைப் பழக்கினால் அது 320 பிக்சல் சதுரத்துக்குள்தான் முகத்தை உருவாக்கும், அதிலும் சுற்றுக்கு விடுகிற இடம் கழிந்துபோகும். அதை நாலு மடங்குக்கு மேல் பெருப்பித்துத்தான் ஒட்டவேண்டும். தோலின் துவாரம், இமை மயிர், சவரம் செய்த புள்ளிகள் ஒன்றும் இராது. கழுத்துக் கூர்மையாகவும் முகம் மெழுகு பூசினது போலவும் நிற்கும்.

அந்தச் சதுரத்தின் அளவைக் கூட்டலாம். 320ஐ 640 ஆக்கினால் பிக்சல் நாலு மடங்கு, கிராபிக்ஸ் கார்ட்டின் நினைவகம் அதற்குக் காணாது. பழக்குகிற நேரமும் நாள்கணக்கில் நீளும், இடையில் கறண்ட் போனால் கடைசியாகச் சேமித்த இடத்திலிருந்துதான் தொடரவேண்டும். முகம் 250 முதல் 450 பிக்சல் உயரத்துக்குள் இருக்கிற ஷொட்கள்தான் எனக்கு வசதி. அதாவது இடுப்புக்கு மேலே தெரிகிற மிட் ஷொட்கள்.

திண்ணையில தேத்தண்ணி குடிக்கிற ஷொட் மிட் ஷொட்தானே. அதைச் செய்து காட்டுமன்.

நல்ல தெரிவு, ஏனென்றால் அந்த ஒரே ஷொட்டுக்குள் எல்லாப் பிரச்சினையும் இருக்கிறது. 8 விநாடி, 25 பிரேம் வேகத்தில் 200 பிரேம். முகம் ஏறத்தாழ 400 பிக்சல். கமரா ட்ரைபொட்டில், அசைவில்லை. நிழல் வெளிச்சம், கடும் வெயில் இல்லை. தொடங்குவதற்கு இதைவிட நல்ல ஷொட் எங்கள் படத்தில் இல்லை.

முதல் 70 பிரேம் அவர் அம்மாவைப் பார்த்துக் கதைக்கிறார், முகம் கால்வாசி திரும்பியிருக்கிறது. இது வடிவாக வரும். 71 முதல் 110 வரை தேத்தண்ணிக் குவளை வாய்க்குப் போகிறது. மென்பொருளுக்குக் குவளை என்று ஒன்று தெரியாது, அதன்மேலேயே வாயை வரைந்துவிடும். ஆகவே குவளையும் விரல்களும் முகத்துக்கு முன்னால் நிற்கும்படி ஒவ்வொரு பிரேமிலும் கையால் மாஸ்க் வெட்டவேண்டும். நாற்பது பிரேம், சலிப்பான வேலை, ஆனால் செய்யலாம். உதடு குவளை விளிம்பில் படுகிற இடத்தில் மட்டும் இரண்டு மூன்று பிரேமில் சின்ன நடுக்கம் இருக்கும்.

111இல் அவர் சத்தம் கேட்டு ஒழுங்கைப் பக்கம் திரும்புகிறார். 125 அளவில் முழுப் பக்கவாட்டு. இங்கேதான் உடைகிறது. மென்பொருள் முகத்தைக் கண், புருவம், மூக்கு, வாய், தாடை என்று புள்ளிகளாகப் பிடித்து நிமிர்த்தி வைக்கிறது. பக்கவாட்டில் பாதிப் புள்ளி மறைந்துவிடுவதால் மிச்சத்தை ஊகிக்கிறது, அந்த ஊகம் பிரேமுக்குப் பிரேம் துள்ளுகிறது. அதோடு, பக்கவாட்டில் மூக்கும் நாடியும் பின்னால் உள்ள சுவருக்கு எதிரே கோடாகத் தெரியும். புதியவரின் மூக்கு சின்னது என்றால் பழைய மூக்கின் நுனி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அதை அழிக்க ஆள் இல்லாத வெறும் திண்ணைப் படம் ஒன்று வேண்டும். கமராமன் அண்டைக்கு ஒன்று எடுத்து வைத்திருக்கிறார், அவருக்கு நன்றி. ஆனாலும் துள்ளலை அது தீர்க்காது.

151இல் எழும்பி முதுகைக் காட்டிப் போகிறார். முகமே இல்லை, ஒன்றும் செய்யத் தேவையில்லை.

ஆகவே என் பதில் எடிற்றர் பதில்தான்: 112இல் வெட்டி அம்மாவின் முகத்துக்குப் போவோம். வெளியே மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்கட்டும், அம்மா திரும்பட்டும். 153இல் அவர் எழும்பிப் போகிற முதுகுக்கு வருவோம். பக்கவாட்டுப் பகுதி படத்தில் இராது. உங்களுக்கு அந்த ஒரே நீளமான ஷொட் பிடிக்கும் என்று தெரியும். வெட்டாமல் வேண்டுமென்றால் முழுதாகத் திரும்ப எடுக்கத்தான் வேண்டும்.

எவ்வளவு திரும்பினா தாங்கும்? ஒரு கணக்குச் சொல்லும், நான் ஷொட்டுகளைப் பாத்துப் பிரிக்கிறன்.

கோணமானி தேவையில்லை. தூரத்துப் பக்கக் கண் முழுதாகத் தெரிந்தால் செய்யலாம். அந்தக் கண் மூக்குக்குப் பின்னால் ஒளியத் தொடங்கினால் சந்தேகம். இமை மயிர் மட்டும் தெரிந்தால் விட்டுவிடுங்கள். மேலே அண்ணாந்து பார்ப்பதும் அப்படித்தான், மூக்குத் துவாரமும் நாடியின் அடியும் தெரிகிற ஷொட்களில் தாடைக்கோடு பிடிபடாது. கீழே குனிவது கொஞ்சம் பரவாயில்லை.

பனங்கூடலுக்குள்ள எடுத்த நடை, அதில ஆள் நேராத்தானே வாறான்?

நேராக வருகிறார், முகமும் அளவான அளவு. ஆனால் வெயில் ஓலைக்குள்ளால் விழுந்து முகத்தில் வெளிச்சமும் நிழலும் கீற்றுக் கீற்றாக ஓடுகிறது. மென்பொருளுக்கு மென்மையான வெளிச்சம் பிடிக்கும், இடப்பக்கம் இருட்டு, வலப்பக்கம் வெளிச்சம் என்றால் விளங்கிக்கொள்ளும். கூர்மையான ஓரமுள்ள நிழல் மூக்கின்மேல் ஓடினால் அதைத் தடவி மங்கலாக்கிவிடும். நெற்றியிலும் கழுத்திலும் நிழல் கூர்மையாக ஓட, நடுவில் முகத்தில் மட்டும் அழுக்குப் படிந்ததுபோல இருக்கும்.

பழைய ஷொட்டிலிருந்து நிழலை மட்டும் பிரித்து எடுத்துப் புதிய முகத்தில் போடப் பார்க்கலாம். ஆனால் நிழல் பழைய மூக்கின் மேட்டில் வளைந்தது, புதிய மூக்கில் அந்த வளைவு பிழையாக நிற்கும். நான் இதை எடுக்கமாட்டேன். புதுப் பெடியனை அதே கூடலுக்குள் அதே நேரத்தில் நடக்கவிட்டு எடுப்பதற்கு ஒரு காலை நேரம் போதும், இங்கே உட்கார்ந்து மாற்றுவதற்கு அதைவிடக் கனகாலம் போகும்.

குறிகட்டுவான் இறங்குதுறை ஷொட் நல்ல தூரம். அது சும்மா வரும் எண்டு கமராமன் சொல்லுறார்.

அதற்கு வேலையே வேண்டாம். முகம் 45 பிக்சல் உயரம்கூட இல்லை. கண்ணும் மூக்கும் இருக்கிற இடம் தெரிகிறது, ஆளைத் தெரியாது. இவ்வளவு சின்ன முகத்தை மென்பொருள் பல பிரேமில் கண்டுபிடிக்கவும் மாட்டாது. தலைமயிர் வெட்டும் நீலச் சட்டையும் ஒத்துப்போனால் சனம் புதியவர் என்றே எடுத்துக்கொள்ளும். அப்படியே விடுவோம்.

நயினாதீவுக்குப் போகிற லோஞ்சுக்குள் எடுத்தது வேறு கதை. கமரா கையில், லோஞ்ச் ஆடுகிறது, காற்றில் மயிர் நெற்றியில் விழுந்து விழுந்து எழும்புகிறது. ஆட்டம் பெரிய பிரச்சினை இல்லை. மயிர்தான் பிரச்சினை: குவளையை வெட்டினது போல ஒவ்வொரு இழையையும் வெட்ட ஏலாது, இழைக்குள்ளால் தோலும் தெரிகிறது. அங்கே நெற்றியைத் தொடாமல் புருவத்துக்குக் கீழே மட்டும் மாற்றிப் பார்க்கிறேன். இரண்டு பேரின் தோல் நிறமும் கிட்ட இருந்தால் வரும். வேகமாகத் தலை அசைகிற இடத்தில், கமரா ஷட்டரின் 1/50 விநாடித் திறப்பில் முகம் இழுபட்டு மங்குகிறது. உருவாக்கிய முகம் அதே அளவுக்கு மங்காது, நாங்கள் பிறகு மங்கலைச் சேர்க்கவேண்டும். அது செய்யக்கூடியது.

வசனம் ரெண்டு இடத்தில மாத்தவேணும். முகத்தை மாத்தேக்கை வாயையும் மாத்தி விடும்.

நடிப்பைப் பற்றிச் சொன்னதுதான் இங்கேயும். வாய் பழையவர் சொன்ன வசனத்துக்கே அசையும். புதியவர் அந்த அசைவுக்கு டப்பிங் பேசவேண்டும். 'ப', 'ம' வருகிற இடங்களில் உதடு மூடும், புது வசனத்திலும் அதே இடத்தில் மூடுகிற சொல் வந்தால்தான் பொருந்தும். 'போகமாட்டன்' என்பதைப் 'பாக்கமாட்டன்' ஆக்கலாம், 'வரேலாது' ஆக்க ஏலாது.

மாற்றவேண்டிய வசனம் இருந்தால் அந்த இடத்தில் கேட்டுக்கொண்டிருப்பவரின் முகத்தைக் காட்டுவோம், அல்லது முதுகு ஷொட்டில் பேசவைப்போம். வாய் திறந்து பல் தெரிகிற ஷொட்களையும் நீங்கள் பிரிக்கும்போது தனியே குறியுங்கள். பல்லும் நாக்கும் இன்னும் ஒழுங்காக வருவதில்லை, தனித்தனிப் பல்லாக இல்லாமல் வெள்ளைப் பட்டியாக நிற்கும்.

புதுப் பெடியனை நாங்கள் எப்பிடி எடுத்துத் தரவேணும்? போன்ல எடுத்தாக் காணுமோ?

போன் வேண்டாம். படத்துக்குப் பாவித்த அதே கமரா, அதே லென்ஸ், அதே தூரம். போனைக் கிட்டப் பிடித்து எடுத்தால் மூக்கு பெருத்துக் காது உள்ளே போகும், மென்பொருள் அதையே அவருடைய முகம் என்று பழகிவிடும். அரை மணித்தியாலம் ஓடவிட்டால் சில ஆயிரம் நல்ல பிரேம் தேறும். வெளிச்சம் மூன்று விதமாக: முன்னால் மென்மையாக, இடப்பக்கமிருந்து, வலப்பக்கமிருந்து. திண்ணையின் வெளிச்சத்தைத் தனியாக எடுத்தால் இன்னும் நல்லது.

தலையை மெதுவாக எல்லாப் பக்கமும் திருப்பட்டும், பழையவரின் வசனங்களை எல்லாம் சொல்லட்டும், சிரிக்கட்டும், கண்ணை இறுக்கி மூடட்டும். கீழே பார்த்துக்கொண்டு பேசுவதை எல்லாரும் மறந்துபோகிறார்கள், அதுவும் வேண்டும். தாடி மீசை பழையவருக்கு இருந்த அளவிலேயே இருக்கட்டும். ஒரு நாள் வளர்ந்த தாடியோடு பாதி, சவரம் செய்து பாதி என்று எடுத்தால் முகத்தில் தாடி வந்து வந்து போகும்.

கலர் கரெக்ஷன் முடிச்சதைத் தரட்டோ?

இல்லை, கமராவிலிருந்து வந்த மூலக் கோப்பு. முகம் மாற்றிய பிறகுதான் கலர். நான் பாவிக்கிற மென்பொருள் முகத்தை 8 பிட் படமாகத்தான், அதாவது குறைந்த நிறப்படிகளோடுதான், தருகிறது. கலர் செய்பவர் நிழலைக் கடுமையாக ஏற்றினால் ஒட்டினதும் சுற்றியதும் வெவ்வேறாகப் பிரியும். அவரிடம் இந்த ஷொட்களின் பட்டியலைக் கொடுங்கள், கை மெதுவாக வைக்கச் சொல்லுங்கள்.

செய்து முடிச்சாப்பிறகு நல்லா வந்திருக்கோ எண்டு எப்பிடிப் பாக்கிறது? உம்மட கணினியில எல்லாம் நல்லாத்தான் தெரியும்.

உண்மை. ஒரு பிரேமை நிறுத்திப் பார்த்தால் எல்லாம் நல்லாகத்தான் இருக்கும், பிழை அசைவில்தான் வெளிப்படும். முழு வேகத்தில் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, வாயைப் பார்க்காமல் தாடை ஓரத்தைப் பாருங்கள். மின்னுகிறதா, முகம் தலைக்குமேல் வழுக்குகிறதா என்று தெரியும். பிறகு படத்தை இடம் வலம் மாற்றிப் போட்டுப் பாருங்கள், கண் பழகிப்போன பிழை அப்போது தெரியும். கடைசியாக வெளிச்சத்தைச் செயற்கையாக ஏற்றிப் பாருங்கள். கமராவின் மணல்போன்ற இரைச்சல் சுவரில் ஓடி, முகத்தில் ஓடாமல் நின்றால் இரைச்சலைத் திரும்பச் சேர்க்க மறந்துவிட்டோம் என்று அர்த்தம்.

போனில் பார்த்து முடிவெடுக்கவேண்டாம். தியேட்டர் திரையில் போட்டுப் பார்க்க ஒரு மணித்தியாலம் கேட்டு வாங்குங்கள். பழையவரைத் தெரியாத ஒருவரையும், நன்றாகத் தெரிந்த ஒருவரையும் கூட்டிவாருங்கள். முதலாமவர் ஒன்றும் சொல்லாவிட்டால் எனக்குப் போதும்.

வெளியால ஒரு படத்தில முழு நடிகரையே மாத்திப்போட்டினமாம். அவைக்கு ஏலும், எங்களுக்கு ஏலாதோ?

நீங்கள் சொல்வது 2021இல் வந்த 'ஆர்மி ஒவ் த டெட்' என்று நினைக்கிறேன். அங்கே முகத்தை மாற்றவில்லை. பழைய நடிகரை ஷொட்களிலிருந்து முழுதாக அழித்துவிட்டு, டிக் நொடாரோ என்ற நடிகையைப் பெரும்பாலும் தனியாகப் பச்சைத்திரை முன்னால் நடிக்கவைத்து உள்ளே சேர்த்தார்கள். நடிப்பு அவருடையதே, தலை, கழுத்து, நடை எல்லாம் அவருடையவையே. நான் மேலே சொன்ன தடைகள் அவர்களுக்கு இல்லை, அதற்குப் பதிலாக அழித்த இடத்தை எல்லாம் திரும்பக் கட்டவேண்டியிருந்தது. அந்தச் செலவு எங்களுக்குக் கட்டாது.

எங்களுக்கு ஏற்ற உதாரணம் டிரெக்டர் ரிட்லி ஸ்கொட். 2017இல் முடிந்துபோன படத்தில் ஒரு நடிகரை நீக்கவேண்டி வந்தபோது கிறிஸ்டோபர் பிளமரை வைத்து 22 காட்சிகளை ஒன்பது நாளில் திரும்ப எடுத்தார்.

கனடாவில இருக்கிறவனிட்ட இதைக் கேக்கவேணுமோ? அவன்ர முகம்தான் இல்லையே.

கேட்கவேண்டும். முகம் போனாலும் உடம்பும் நடிப்பும் அவருடையவை. அவர் கையெழுத்து வைத்தது தன் பெயரில், தன் முகத்தோடு நடிப்பதற்கு. இப்போது அவருடைய நடிப்பு இன்னொருவரின் பெயரில் போகப்போகிறது. எந்தெந்தக் காட்சி, பெயர்ப்பட்டியலில் அவருக்கு என்ன இடம் என்று எழுதி அனுப்பி, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். வட்ஸ்அப்பில் 'ஓம் அண்ணை' என்று வந்தால் அது எனக்குக் காணாது.

புதியவரிடமும் வேறாக எழுதி வாங்கவேண்டும். மென்பொருள் அவருடைய முகத்தைப் பழகிய கோப்பு என் கணினியில் இருக்கும். இந்தப் படத்துக்கு மட்டும் பாவிப்போம், முடிந்ததும் அழிப்போம் என்று நான் கையெழுத்து வைத்துத் தருகிறேன். அந்த இரண்டு கடிதமும் வரும்வரை நான் வேலையைத் தொடங்கமாட்டேன்.

அப்ப கடைசியா எத்தனை ஷொட் மிஞ்சுது? தயாரிப்பாளர் கேக்கிறார்.

என் கணக்கில், அவர் வருகிற ஷொட்களில் கால்வாசிக்கு ஒன்றும் செய்யத் தேவையில்லை: முதுகு, தூரம், நிழலுரு. திண்ணைக் காட்சி, கடைக்குள் நடக்கும் கதை, லோஞ்சுக்குள் ஒரு பகுதி ஆகியவற்றில் முகம் மாற்றலாம், எல்லாம் சேர்த்து இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் குறைய வரும். குளோசப்கள், பனங்கூடல், அழுகைக் காட்சி எல்லாம் திரும்ப எடுக்கவேண்டும். தயாரிப்பாளர் மற்றப்பக்கமாக நினைத்திருக்கிறார்: முகம் மாற்றுவது பெரும்பகுதி, திரும்ப எடுப்பது மிச்சம் என்று. அதை நீங்கள்தான் அவரிடம் சொல்லவேண்டும், நான் சொன்னால் கேட்கமாட்டார்.

திரும்ப எடுப்பது என்றால் திண்ணை வீட்டுக்காரரிடம் இப்போதே கதைத்துவிடுங்கள். மழை தொடங்கமுதல் அந்தச் சுவருக்கு வெள்ளை அடிக்கப்போவதாக அவர் சொல்லிக்கொண்டிருந்தார், அடித்துவிட்டால் பழைய ஷொட்டும் புதிய ஷொட்டும் ஒட்டாது.